சுயவிவரக் குறிப்பில் கடன் வாங்கக்கூடியதும் கூடாததும்

ஆய்வு மாணவர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதவேண்டிய இடங்கள் இன்று பல. துறையின் இணையப் பக்கம், இன்ஃப்லிப்நெட் நடத்தும் வித்வான் தரவுத்தளம், உதவித்தொகை விண்ணப்பம், கருத்தரங்க நிகழ்ச்சிநிரல், லிங்க்ட்இன் என எல்லா இடங்களிலும் பத்து வரிக்குள் ஒரு குறிப்புக் கேட்கப்படுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆய்வேட்டை எழுதும் முறையைக் கற்றுத்தரும் நெறியாளர்கூட இந்தப் பத்து வரியை எழுதும் முறையைப் பெரும்பாலும் கற்றுத்தருவதில்லை. எனவே பலரும் கைக்கொள்ளும் வழி ஒன்றுதான். தாம் மதிக்கும் அறிஞரின் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத் தம்முடையதை எழுதுகின்றனர்.

அவ்வாறு பார்த்து எழுதுவதில் பிழையில்லை. எந்த எழுத்து வகையும் அப்படித்தான் கற்கப்படுகிறது. ஆனால் பார்த்தவற்றுள் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற கோடு தெளிவாக இல்லாதபோது, கட்டமைப்போடு வாக்கியங்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன. பல்கலைக்கழகச் சூழலில் இது திருட்டா, இல்லையா என்ற கேள்வியாக மட்டுமே பேசப்படுகிறது. அதைவிடக் கூர்மையான இழப்பு ஒன்று உண்டு. கடன் வாங்கிய வாக்கியம், எழுதுபவர் தம் ஆய்வில் கண்டதை மறைத்துவிடுகிறது. இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்பது எளிது.

புனேயில் சமூகவியலில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவி ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். அவருடைய பொருள், மராத்வாடாப் பகதியின் பீட் மாவட்டத்திலிருந்து மேற்கு மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைகளுக்குப் பருவந்தோறும் கரும்பு வெட்டச் செல்லும் தொழிலாளர்கள். மழைக்காலம் முடிந்தபின் புறப்பட்டு, கோடை தொடங்கும்போது ஊர் திரும்பும் வாழ்க்கை அது. அவர்களை அழைத்துச் செல்லும் தரகருக்கு முகாதம் என்று பெயர். புறப்படுவதற்கு முன்பே அவர் ஒரு முன்பணம் தருகிறார். மராத்தியில் அது உச்சல். அந்தப் பணம் தனி ஆளுக்குத் தரப்படுவதன்று. கணவனும் மனைவியும் சேர்ந்த ஒரு இணைக்குத் தரப்படுகிறது. அந்த இணையைக் கணக்கில் ‘கொய்தா’ என்று எழுதுவர். கொய்தா என்றால் கரும்பு வெட்டும் அரிவாள். இரண்டு மனிதர்கள் ஒரு கருவியின் பெயரால் ஓர் அலகாக எண்ணப்படுகின்றனர். பருவம் முழுவதும் வெட்டிய கரும்பின் எடைக்கு உரிய கூலியில் அந்த முன்பணம் கழிக்கப்படுகிறது. மாணவி இரண்டு பருவங்கள் களத்தில் இருந்து, முகாதம்கள் வைத்திருந்த கணக்கேடுகளைப் படித்திருக்கிறார். ஆய்வு முடியும் தறுவாயில், முதுமுனைவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவருக்கு ஒரு சுயவிவரக் குறிப்புத் தேவைப்படுகிறது.

அவர் மதிக்கும் குறிப்பு, நீர்ப்பாசன வரலாற்றை எழுதும் ஒரு மூத்த பேராசிரியருடையது என்று கொள்வோம். அதன் முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் பதினொரு சொற்களால் ஆனது. தமிழில் சொன்னால், ‘தண்ணீரை உடைமையாகக் கொள்ள இயலாத வாழ்வுகளின் ஊடே தண்ணீர் எவ்வாறு நகர்கிறது என்று கேட்கிறேன்’ என்பது அதன் பொருள். கடைசி வாக்கியம், ‘இரவில் தண்ணீர் எடுத்தவர்களைப் பற்றிக் கால்வாய்ப் பதிவேடுகள் மௌனம் காக்கின்றன’ என்று முடிகிறது. மாணவி அந்தக் குறிப்பைப் பலமுறை படித்தவர். அவர் எழுதிய முதல் வரைவு, ‘பணத்தைச் சேமிக்க இயலாத இல்லங்களின் ஊடே கடன் எவ்வாறு நகர்கிறது என்று கேட்கிறேன்’ எனத் தொடங்கி, ‘பெண்களைப் பற்றிக் கணக்கேடுகள் மௌனம் காக்கின்றன’ என்று முடிகிறது.

வரைவு அழகாகத்தான் இருக்கிறது. ஒப்புமை காட்டும் மென்பொருளில் இட்டால் பெரும்பாலும் எதுவும் சிக்காது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகள், பொதுவறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்களை, தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை, கணக்கில் சேர்ப்பதில்லை. ஆய்வேட்டுக்கும் கட்டுரைக்கும் அது பொருத்தமான விலக்குத்தான். துறைச்சொற்களும் வழக்கமான தொடர்களும் எல்லோருடைய எழுத்திலும் வரவே செய்யும். ஆனால் சுயவிவரக் குறிப்பில் ஒரு வாக்கியத்தின் நீளமே பத்து, பன்னிரண்டு சொற்கள்தான். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், வேறொருவரின் முழு வாக்கியமும் ஓட்டைவழியே நழுவிவிடும். அதிலும் மேற்கண்ட வரைவில் ஒரு வாக்கியம்கூட அப்படியே எடுக்கப்படவில்லை. பெயர்ச்சொற்கள் மாறியிருக்கின்றன. எலும்பும் அசைவும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

மூலத்தின் சில சொற்களை நீக்கி, சிலவற்றுக்கு நிகரான சொற்களை இட்டு, வாக்கிய அமைப்பைச் சற்றே திருத்தி எழுதும் இந்த முறைக்கு, எழுத்துக் கல்வி ஆய்வாளரான ரெபெக்கா மூர் ஹோவர்ட் ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயரிட்டார். தமிழில் ஒட்டுத்துணி எழுத்து எனலாம். புதிய துறையின் மொழிக்குள் நுழையும் மாணவர், அம்மொழி கைவரும் முன்னர் கடந்து செல்லும் ஒரு படிநிலையாகவும் அவர் அதைக் கண்டார். அந்தப் பார்வை முக்கியமானது. ஒட்டுத்துணி எழுத்து பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தில் பிறப்பதில்லை, வியப்பில் பிறக்கிறது.

‘இதை எங்கும் பார்த்து எழுதியதாக நினைவில்லையே’ என்று பலர் உண்மையாகவே சொல்வதற்கும் காரணம் உண்டு. உளவியலாளர்களான ஆலன் பிரவுனும் டானா மர்ஃபியும் 1989இல் வெளியிட்ட சோதனைகளில், சிறு குழுவாக அமர்ந்தவர்கள் ஒரு வகையைச் சேர்ந்த பொருள்களை மாறி மாறிச் சொன்னார்கள். பின்னர், தாம் சொன்னவற்றை மட்டும் நினைவுகூரும்படி கேட்டபோது, பிறர் சொன்னவற்றையும் தம்முடையவையாகச் சிலர் எழுதினார்கள். சொல் நினைவில் தங்குகிறது. அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்பது உதிர்ந்துவிடுகிறது. பலமுறை படித்து ரசித்த குறிப்பின் சொற்றொடர் சில வாரங்களில் சொந்தக் குரலாகவே ஒலிக்கும். ஆதலால், நினைவைச் சாட்சியாக அழைப்பதில் பயனில்லை. கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் வேண்டும்.

முதலில் கட்டமைப்பைக் கடன் வாங்கும் முறை. மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை ஆராய்ந்தபோது, வாக்கியங்கள் என்ன சொல்கின்றன என்பதைவிட என்ன செய்கின்றன என்று பார்த்தார். களத்தை நிறுவுதல், அதில் உள்ள இடைவெளியைக் காட்டுதல், அந்த இடைவெளியில் தம் ஆய்வை நிறுத்துதல் என்று அவர் பிரித்துக் காட்டிய நகர்வுகள் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. சுயவிவரக் குறிப்பையும் அப்படியே படிக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்தின் எதிரேயும், அது எந்தக் கேள்விக்கு விடையாக நிற்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். நீர்ப்பாசனப் பேராசிரியரின் குறிப்பு அப்போது இவ்வாறு சுருங்கும்: எதைக் கேட்கிறார்? எந்தச் சான்றை வைத்துக் கேட்கிறார்? என்ன கண்டார்? எது இன்னும் எட்டவில்லை?

இதில் இரண்டு கவனங்கள் தேவை. ஒன்று, இந்தக் கேள்விகளைக் குறிப்பு எழுதப்பட்ட மொழியில் எழுதாமல் வேறு மொழியில் எழுதுவது. தமிழகத்துக்கு வெளியே படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இது கையிலேயே இருக்கும் வசதி. ஆங்கிலக் குறிப்பின் எலும்புக்கூட்டைத் தமிழில் எழுதிவைத்தால், ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். மூலத்தை மூடிவிட்டு, மறுநாள் அந்தத் தமிழ்க் கேள்விகளை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் விடை எழுத வேண்டும். ஆனால் தமிழில் எழுதிவைத்தது கேள்வியாக இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். வாக்கியத்தையே தமிழில் பெயர்த்து வைத்தால், திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது பழைய வாக்கியமே எழுந்து வரும்.

இரண்டாவது, ஒரே குறிப்பை முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பது. வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த மூன்று குறிப்புகளையாவது இப்படிப் பிரித்து அருகருகே வைக்க வேண்டும். மாணவி, நீர்ப்பாசனப் பேராசிரியரின் குறிப்போடு ஒரு மொழியியலாளரின் குறிப்பையும் ஒரு பொருளியலாளரின் குறிப்பையும் பிரித்து வைக்கிறார் என்க. கேள்வி, சான்று, கண்டது என்ற மூன்றும் எல்லாவற்றிலும் உள்ளன. அவை அந்த எழுத்து வகைக்கே உரியவை, தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆவணத்தின் மௌனத்தைச் சொல்லி முடிக்கும் நகர்வோ ஒரே ஒரு குறிப்பில்தான் இருக்கிறது. அது வகையின் இலக்கணமன்று. அந்தப் பேராசிரியரின் சிந்தனை முறை. ஒரே மாதிரியைப் பார்த்து எழுதுபவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை. அவர் கண்ணுக்கு எல்லாமே ‘கட்டமைப்பு’ என்றே தோன்றும்.

அடுத்தது, ஏற்கெனவே எழுதிவிட்ட குறிப்பில் கடன்பட்ட தொடர்களைக் கண்டுபிடிப்பது. முதற்சோதனை எல்லோரும் அறிந்தது: ஐந்தாறு சொற்கள் கொண்ட தொடரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுபொறியில் தேடுவது. ஆனால் வரும் விடையைப் படிக்கத் தெரிய வேண்டும். எண்ணற்ற பக்கங்களில் அத்தொடர் வந்தால் அது பொதுச்சரக்கு. ‘ஆழ்ந்த ஆர்வம் கொண்டவர்’, ‘இரு துறைகள் சந்திக்கும் புள்ளியில் பணியாற்றுபவர்’ என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்புகளில் உலவும் தொடர்கள் இத்தகையவை. அவற்றை எழுதியவர் யாரிடமும் திருடவில்லை. ஆனால் எதையும் சொல்லவுமில்லை. ஒன்றிரண்டு பக்கங்களில் மட்டும் வந்தால், அது யாரோ ஒருவருடைய தொடர். அதை நீக்கியே ஆகவேண்டும். எங்குமே வரவில்லை என்றால்தான் சிக்கல். அது சொந்தத் தொடராக இருக்கலாம்; பெயர்ச்சொல் மாற்றிய ஒட்டுத்துணியாகவும் இருக்கலாம். தேடுபொறிக்கு இரண்டும் ஒன்றே.

அந்த இடத்தில் உதவுவது வெற்றிட முறை. தம் வாக்கியத்திலும் முன்மாதிரியின் வாக்கியத்திலும் ஆய்வுப்பொருளைக் குறிக்கும் சொற்களை எல்லாம் நீக்கி, அங்கே கோடிட்டுப் பார்க்க வேண்டும். மாணவியின் முதல் வாக்கியம் ‘____ இயலாத ____ ஊடே ____ எவ்வாறு நகர்கிறது என்று கேட்கிறேன்’ என்று நிற்கும். பேராசிரியரின் வாக்கியமும் அட்சரம் பிசகாமல் அதே வடிவில் நிற்கும். சட்டகத்தின் கேள்வி ஒன்றாக இருப்பது கட்டமைப்பைக் கடன் வாங்குவது. வாக்கியத்தின் வினைச்சொல், இடைச்சொல், தாளம் எல்லாம் ஒன்றாக இருப்பது வாக்கியத்தைக் கடன் வாங்குவது. எஞ்சியிருக்கும் வினைச்சொல்லே பெரும்பாலும் துப்புக் கொடுக்கும். தண்ணீர் நகரும், அது அதன் இயல்பு. உச்சல் எங்கும் நகர்வதில்லை. அது தரப்படுகிறது, எழுதப்படுகிறது, கழிக்கப்படுகிறது, அடையாதபோது அடுத்த பருவத்துக்கு ஏறுகிறது. களத்தில் இரண்டு பருவங்கள் இருந்த ஒருவர் தம் சொல்லால் எழுதியிருந்தால், இந்த நான்கு வினைகளில் ஒன்றாவது அங்கே வந்திருக்கும்.

மூன்றாவது சோதனைக்கு இன்னொருவர் தேவைப்படுகிறார். தேவையானது அவருடைய அறிவன்று, ஒரு கேள்வி மட்டும். வரைவைப் படித்த விடுதித் தோழி, இளையவர், கடைசி வரியில் விரலை வைத்து, “அக்கா, இது உங்க நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று கேட்பதாகக் கொள்ளலாம். ஒவ்வொரு வாக்கியத்தின் எதிரேயும் அதற்கு ஆதாரமான களக்குறிப்பின் பக்கத்தையோ ஆய்வேட்டின் இயலையோ எழுதுவதே இந்தச் சோதனை. எந்த வாக்கியத்தின் எதிரே எழுத எதுவும் கிடைக்கவில்லையோ, அது வெளியிலிருந்து வந்த வாக்கியம் என்று ஐயுறலாம்.

‘பெண்களைப் பற்றிக் கணக்கேடுகள் மௌனம் காக்கின்றன’ என்ற வரிக்கு ஆதாரம் தேடிக் குறிப்பேடுகளைப் புரட்டினால், கிடைப்பது அதற்கு நேர்மாறான செய்தி. கணக்கேட்டில் பெண்ணின் பெயர் இல்லை என்பது உண்மைதான். கொய்தாவின் பெயராகக் கணவனின் பெயரே இருக்கிறது. ஆனால் வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம் செய்யும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்குக் ‘காடா’ என்று பெயர். உடல்நலமின்மையாலோ மாதவிடாய் நாளிலோ பிள்ளைப்பேற்றாலோ மனைவி ஒருநாள் நின்றாலும், அந்த இணையின் கணக்கில் பிடித்தம் விழும். அந்தப் பிடித்தங்களைக் களத்தில் கேட்டறிந்த செய்திகளோடு பொருத்தித் தேதிவாரியாகப் பார்த்தால், பெயரில்லாத அந்தப் பெண் கணக்கேடு முழுவதும் இருக்கிறாள். கூலி வரிசையில் தனி ஆளாக இல்லாதவள், அபராத வரிசையில் தென்படுகிறாள். மாணவி தம் ஆய்வேட்டின் ஓர் இயலையே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு அதுதான். கடன் வாங்கிய ‘மௌனம்’ அதன் மேல் படுத்து அதை மூடிவிட்டது.

பேராசிரியரின் பதிவேடுகளைப் பொறுத்தவரை ‘மௌனம்’ என்பது உண்மை. இரவில் வாய்க்காலில் தண்ணீர் எடுத்தவரை எந்த எழுத்தரும் எழுதிவைக்கவில்லை. அந்தச் சொல் அவருடைய ஆவணத்திலிருந்து பிறந்தது. வேறோர் ஆவணத்துக்கு அதைத் தூக்கிவந்தபோது அது பொய்யாகிவிட்டது. கட்டமைப்பு என்பது கேள்வி, எங்கும் கொண்டுசெல்லலாம். வாக்கியம் என்பது ஒருவர் தம் சான்றுகளிலிருந்து பெற்ற விடை. அது அந்தச் சான்றுகளோடு கட்டுண்டது.

திருத்திய வரைவு இவ்வாறு அமையலாம். ‘மராத்வாடாவின் கரும்பு வெட்டும் தொழிலாளருக்குத் தரப்படும் முன்பணம் எப்படிக் கழிக்கப்படுகிறது என்பதை முகாதம்களின் கணக்கேடுகளைக் கொண்டு ஆராய்கிறேன். இந்தக் கணக்குகளில் கணவனும் மனைவியும் ஒரே அலகு. மனைவியின் உழைப்பு கூலியாகத் தனியே எழுதப்படுவதில்லை. அவள் வேலைக்கு வராத நாள் மட்டும் அபராதமாக எழுதப்படுகிறது. பிடித்தப் பதிவுகளிலிருந்து பெண்களின் உழைப்பை மீட்டுக் கணக்கிடும் முறையை உருவாக்கி வருகிறேன்.’ கேள்வி, சான்று, கண்டது, அடுத்தது என்ற வரிசை இங்கும் இருக்கிறது. முதல் மூன்றும் மூன்று குறிப்புகளுக்கும் பொதுவானவை; நான்காவது, விண்ணப்பம் கேட்பது. முதல் வரைவின் தாளம் இதில் இல்லை. ஆனால் தேர்வுக்குழுவில் இருப்பவர் இதைப் படித்தபின் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கும். அதற்கு விடை சொல்ல மாணவியிடம் ஓர் இயல் இருக்கும். முந்தைய வரைவை வைத்துக்கொண்டு நேர்காணலில் அமர்ந்து, ‘மௌனம் என்கிறீர்களே, எந்தக் கணக்கேட்டில்?’ என்று கேட்கப்பட்டிருந்தால், தம் ஆய்வேட்டுக்கு எதிராகவே அவர் வாதிட நேர்ந்திருக்கும்.

இந்தச் சோதனைகளை எல்லாச் சொற்களின்மீதும் ஏவக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘பருவகால இடப்பெயர்வு’ என்பது துறைச்சொல். வேறு குறிப்பில் இருக்கிறதே என்று அஞ்சி அதை ‘காலத்துக்கேற்ற ஊர்மாற்றம்’ என்று மாற்றினால் அது நேர்மையாகாது, குழப்பமாகும். பட்டம், துறை, நிறுவனம், ஆய்வுமுறை ஆகியவற்றைச் சொல்லும் வரிகள் எல்லோரிடமும் ஒரே வடிவில்தான் இருக்கும், இருக்கலாம். நிகர்ச்சொல் தேடி மாற்றுவதே ஒட்டுத்துணி எழுத்தின் முதற்படி என்பதால், ஐயத்துக்குரிய வாக்கியத்தைத் திருத்துவதும் பயனற்றது. அதை முழுவதுமாக நீக்கிவிட்டு, அது விடையளித்த கேள்விக்குத் திரும்பிப் போய், குறிப்பேட்டிலிருந்து மீண்டும் எழுதுவதே வழி.

சில வேளைகளில் கடன் உண்மையிலேயே பெரிதாக இருக்கும். ஆவணம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தேடும் பழக்கத்தையே மாணவி அந்தப் பேராசிரியரின் நூல்களில் கற்றிருக்கலாம். அப்போது அவருடைய வாக்கியத்தை மாறுவேடமிட்டுக் கொண்டுவருவதற்குப் பதிலாக, அவர் பெயரைச் சொல்லி, இன்னாருடைய பணியிலிருந்து இந்தக் கேள்வியைக் கற்றேன் என்று ஒரு வரி எழுதிவிடலாம். லிங்க்ட்இன் ‘அறிமுகம்’ பகுதி 2,600 எழுத்துருக்கள் வரை இடம் தருகிறது. ஒரு பெயருக்கு அதில் இடம் உண்டு. கேள்வியைத் தந்தவருக்கும் அதுவே உரிய மதிப்பு.